பாஸ்வேர்டு மேனேஜரின் சிவப்புப் பட்டியல்: எதை முதலில் மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"லாஸ்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் Compromised 6, Reused 38, Weak 21 என்று காட்டுகிறது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன். 65 கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். இந்த மூன்று எண்களைக் கூட்டிப் பார்ப்பதில்தான் பலரும் மலைத்துப் போய் ஃபோனை மூடி வைத்துவிடுகிறார்கள். ஒரே கணக்கு மூன்று தலைப்புகளிலும் வரலாம். கசிந்திருக்கும், வேறு இடத்திலும் பயன்பட்டிருக்கும், எளிதாக ஊகிக்கக்கூடியதாகவும் இருக்கும். உங்கள் படங்களில் அப்படிப் பல வரிகள் இருக்கின்றன.

38 என்ற எண்ணுக்குப் பின்னால் எத்தனை கடவுச்சொற்கள் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். Reused என்பதைத் தொட்டால், ஒரே கடவுச்சொல் உள்ள கணக்குகளை அதுவே குழு குழுவாகப் பிரித்துக் காட்டும். உங்கள் பட்டியலில் மூன்று குழுக்கள்: முதலாவதில் 19 கணக்குகள், இரண்டாவதில் 13, மூன்றாவதில் 6. ஆக, 38 கணக்குகளுக்கும் சேர்த்து மூன்றே கடவுச்சொற்கள். இனி வரிவரியாகப் போகாமல் குழுகுழுவாகப் போனால் போதும்.

"சிவப்பில் இருக்கும் ஆறை மட்டும் மாற்றிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் அல்லவா?"

நீங்காது. அதற்கு, கூகுள் எதைக் கசிந்தது என்று சொல்கிறது என்பது தெரிய வேண்டும். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் ஜோடியாக ஏதேனும் ஒரு திருட்டுப் பட்டியலில் இருந்தால்தான் அது Compromised என்று காட்டும். உங்கள் ஆறு சிவப்பு வரிகளும் மின்னஞ்சல் முகவரியைப் பயனர் பெயராகக் கொண்டவை: பழைய மளிகைத் தளம் ஒன்று, இரண்டு ஷாப்பிங் தளங்கள், ஒரு வேலைவாய்ப்புத் தளம், எம்பிராய்டரி டிசைன் விற்கும் தளம், கடையின் இன்ஸ்டாகிராம். ஆறிலும் ஒரே கடவுச்சொல். இந்த ஆறு தளங்களுமே திருட்டுக்கு ஆளாகின என்று இதற்குப் பொருளில்லை. ஏதோ ஒன்றிலிருந்து அந்த ஜோடி வெளியே போனது. அதே ஜோடி மற்ற ஐந்திலும் இருப்பதால் அவையும் சிவந்துவிட்டன.

இப்போது 19 கணக்குகள் கொண்ட அந்த முதல் குழுவைப் பாருங்கள். அதே கடவுச்சொல்லோடு இன்னும் 13 கணக்குகள் சிவப்பு இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்பதுக்கு உங்கள் மொபைல் எண்தான் பயனர் பெயர். மீதி நான்கும் தனிப் பெயர் கொண்டவை: ஐஆர்சிடிசி கணக்கு, பான் எண்ணால் நுழையும் வருமான வரித் தளம், மகளின் கல்லூரித் தளம், ஈரோட்டுத் துணி வியாபாரியின் ஆர்டர் தளம். ஜோடியில் ஒரு பாதி மாறியிருப்பதால் கூகுளுக்கு அவை பொருந்தவில்லை. அவை பாதுகாப்பாக இருப்பதால் அல்ல. திருடப்படும் பட்டியல்களில் மின்னஞ்சலுக்குப் பக்கத்திலேயே மொபைல் எண்ணும் இருப்பது சாதாரணம். அதை வைத்திருப்பவன் மின்னஞ்சலுக்குப் பதில் மொபைல் எண்ணைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

ஆகவே குழுவில் ஒன்று சிவந்தால் குழு முழுவதும் சிவந்ததாகவே எண்ணுங்கள். உங்களுக்கு உண்மையான எண்ணிக்கை 6 இல்லை, 19.

"அப்படியானால் அந்த 19-இல் எதிலிருந்து தொடங்குவது?"

அந்தக் குழுவிலேயே இல்லாத ஒன்றிலிருந்து. உங்கள் ஜிமெயில்.

ஜிமெயிலின் கடவுச்சொல் இரண்டாவது குழுவில் இருக்கிறது. சிவப்பு இல்லை, Reused மட்டும்தான். ஆனால் ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தினால் இணைப்பு வருவது அந்த மின்னஞ்சலுக்கு. இன்ஸ்டாகிராமை நீங்கள் மாற்றினாலும், மின்னஞ்சலுக்குள் இருப்பவன் அதை மறுபடி மாற்றிவிடுவான். அதைவிட முக்கியம், சேமித்த 74 கடவுச்சொற்களும் இருப்பது அதே கூகுள் கணக்கில். பூட்டியிருக்கும் பீரோவின் சாவி இன்னும் பன்னிரண்டு வீட்டு வாசலில் தொங்குகிறது என்றால் அந்தச் சாவியைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஒரேயொரு விலக்கு. யாரோ ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட அடையாளம் இருந்தால், அதாவது நீங்கள் போடாத பதிவு, நீங்கள் அனுப்பாத செய்தி, நீங்கள் கேட்காத ஓ.டி.பி. என்று ஏதாவது வந்துகொண்டிருந்தால், அந்தக் கணக்கையும் மின்னஞ்சலையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள்.

"ஜிமெயிலை மாற்றும்போது வேறென்ன பார்க்க வேண்டும்?"

இந்த ஒரு கணக்குக்கு மேனேஜர் உருவாக்கித் தரும் தாறுமாறான எழுத்துகள் வேண்டாம். மேனேஜரைத் திறப்பதற்கே இதுதான் வேண்டும் என்பதால் உங்கள் மனதில் நிற்க வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்துகளில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர், பிள்ளைகள் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் அதில் வரக் கூடாது.

மாற்றியதும் மூன்று இடங்களுக்குப் போங்கள். myaccount.google.com பக்கத்தில் Your devices என்ற பட்டியலைத் திறந்து, அறியாத ஃபோன், கம்ப்யூட்டர் எதுவாக இருந்தாலும் வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் பெரும்பாலான கருவிகள் தாமே வெளியேறிவிடும் என்றாலும் எல்லாமே வெளியேறும் என்று நம்பி விட்டுவிட வேண்டாம். அடுத்தது மீட்பு மின்னஞ்சலும் மீட்பு மொபைல் எண்ணும். கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் பார்க்கும் கணக்குகளில், முதலில் கணக்கு தொடங்கிக் கொடுத்த இன்டர்நெட் மையக்காரரின் எண்ணோ, எப்போதோ கைவிட்ட பழைய சிம்மின் எண்ணோ அங்கே கிடப்பதுண்டு. கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். மூன்றாவது, கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து அமைப்புகளில் Forwarding, Filters இரண்டையும் பாருங்கள். கடிதங்கள் தெரியாத முகவரிக்குத் தாமாகப் போகும்படி யாராவது வைத்திருந்தால், நீங்கள் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த வாய்க்கால் அடைபடாது.

பிறகு, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு உறுதியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். அப்போது கிடைக்கும் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். ஃபோன் தொலைந்த நாளில் அந்தத் தாள்தான் கதவைத் திறக்கும்.

"சரி, ஜிமெயில் முடிந்தது. இன்று இரவு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது."

இன்ஸ்டாகிராம். அது சிவப்பில் இருக்கிறது. உங்கள் கடைக்கு ஆர்டர் வருவதும் அதன் வழியாக. யாராவது அதைப் பிடித்துக்கொண்டால் வாடிக்கையாளர்களிடம் "முன்பணம் இந்த எண்ணுக்குப் போடுங்கள்" என்று கேட்பார்கள், அவர்களும் போடுவார்கள். பணம் அவர்களுடையது, போகும் பெயர் உங்களுடையது.

அடுத்து நெட்பேங்கிங். பணம் அனுப்ப ஓ.டி.பி. வேண்டுமே என்பீர்கள். உண்மைதான், ஆனால் கடவுச்சொல்லை மட்டும் கேட்டு உள்ளே விடும் வங்கித் தளமானால் இருப்பும் கடைசிப் பரிவர்த்தனைகளும் கண்ணில் படும். "நேற்று இந்தத் தொகை அனுப்பினீர்களே" என்று தொடங்கும் மோசடி அழைப்பை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த ஓ.டி.பி.யை உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பதற்கு அந்த விவரம் போதும்.

பிறகு வருமான வரித் தளமும், வாலட் இருப்போ "பிறகு செலுத்தலாம்" கடன் வசதியோ உள்ள ஷாப்பிங் தளங்களும். இன்றைக்கு இவ்வளவு போதும். முதல் குழுவில் மீதமுள்ளவற்றை இந்த வாரத்துக்குள் முடியுங்கள். ஐஆர்சிடிசியும் துணி வியாபாரியின் தளமும் முதலில் வரட்டும். எம்பிராய்டரி டிசைன் தளம் கடைசியில் வரட்டும்.

இரண்டாவது குழுவில் கசிவு இல்லை. ஆனாலும் அதிலுள்ள 12 தளங்களில் ஏதாவது ஒன்று நாளை கசியலாம். ஜிமெயிலை அந்தக் குழுவிலிருந்து பிரித்துவிட்டதால் பெரிய ஆபத்து போய்விட்டது. நெட்பேங்கிங்கும் அந்தக் குழுவில்தான் இருந்தது, அதையும் பிரித்தாயிற்று. மீதியை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது குழுவுக்கு அவசரமே இல்லை: செய்தித் தளங்களும் சமையல் குறிப்புத் தளங்களும்தான்.

"யுபிஐ பின் எண் இந்தப் பட்டியலில் வரவில்லையே?"

வராது. அது பிரவுசரில் சேமிக்கப்படுவதில்லை. அது உங்கள் வங்கிக் கணக்குக்கு உரியது; சிம்மோடும் ஃபோனோடும் பிணைந்திருப்பது யுபிஐ ஆப். ஆனால் அந்த நான்கு அல்லது ஆறு இலக்கங்களும் ஃபோன் பூட்டைத் திறக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், இன்றே வேறாக்குங்கள்.

"Weak என்று 21 இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை."

வேண்டுமென்றேதான். அந்த 21-இல் 15 ஏற்கெனவே முதல் இரு குழுக்களில் இருப்பவை. அவற்றை மாற்றும்போது இந்த எண்ணும் தானே குறையும். மிஞ்சுவது ஆறு.

பலவீனம் என்பது எங்கே ஆபத்து என்று பார்க்க வேண்டும். ஒரு தளத்தின் நுழைவுப் பக்கத்தில் உட்கார்ந்து ஊகிப்பவனைச் சில முயற்சிகளுக்குப் பிறகு பெரும்பாலான தளங்கள் தடுத்துவிடும். அதே தளத்தின் கடவுச்சொல் கிடங்கே திருடுபோனால் நிலைமை வேறு. தளம் குலைத்து வைத்திருந்த கடவுச்சொற்களைத் திருடன் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு யாரும் தடுக்காமல் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம். 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்டவை அப்படித்தான் எளிதில் உடைந்தன. 2016-இல்தான் அவை பெரிய அளவில் விற்பனைக்கு வந்தன. பலவீனமான சொல் அங்கே முதலில் விழும். ஆனால் அது வேறெங்கும் பயன்படவில்லை என்றால், விழுவது அந்த ஒரு கணக்கோடு நின்றுவிடும். அதனால்தான் எனக்கு Reused பெரிது, Weak சிறிது.

உங்கள் ஆறில் ஒன்று மட்டும் இந்த விதிக்கு விலக்கு: கடையில் உள்ள சிசிடிவி பெட்டியின் `admin` என்ற கடவுச்சொல். வெளியிலிருந்து ஃபோனில் பார்க்கும்படி அதை இன்டர்நெட்டில் இணைத்திருக்கிறீர்கள். அத்தகைய பெட்டிகளைத் தேடி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லைப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான பெட்டிகளைப் பிடித்தது இந்த வழியில்தான். இதை இன்ஸ்டாகிராமுக்கு அடுத்தபடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"என் பைக் நம்பரைக் கடவுச்சொல்லாக வைத்திருக்கிறேன். அதை Weak என்று காட்டவில்லை. அப்படியானால் நல்லதுதானே?"

`PY01`, `TN31` என்று தொடங்கும் எண்ணெழுத்து வரிசை கம்ப்யூட்டருக்கு அகராதியில் இல்லாத, ஊகிக்கக் கடினமான ஒன்றாகத் தெரியலாம். தெருவில் போகிற எல்லாருக்கும் அது வண்டியின் பின்னால் எழுதியிருக்கிறது. மேனேஜர் அளப்பது சொல்லின் அமைப்பைத்தான். உங்களை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு தெரியும் என்பதை அதனால் அளக்க முடியாது. குழந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததும் இதே ரகம்.

"மாற்றிவிட்டேன். ஆனாலும் அதே வரி சிவப்பாகவே இருக்கிறது. ஏன்?"

பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம். தளத்தில் மாற்றியபோது, புதுப்பிக்கலாமா என்று கேட்ட சிறிய பெட்டியை மூடியிருப்பீர்கள். மேனேஜரில் பழையது அப்படியே இருக்கிறது. அல்லது அதே தளத்துக்கு இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்று ஆப்பில் சேமித்தது, மற்றது பிரவுசரில் சேமித்தது. பழைய வரியை நீக்கிவிடலாம், ஆனால் புதிய கடவுச்சொல்லால் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகு.

மூன்றாவது காரணம் சற்று விபரீதமானது. மேனேஜருக்குள்ளேயே திருத்து என்பதை அழுத்தி எழுத்துகளை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் சிவப்புகூட மறைந்துவிடலாம், ஆனால் தளத்தில் பழைய கடவுச்சொல்தான் நடப்பில் இருக்கும். திருடன் உள்ளே போவான், நீங்கள் வெளியே நிற்பீர்கள். வரியை நீக்குவதும் அப்படியே. பட்டியல் சுத்தமாகும், கணக்கு சுத்தமாகாது. பயன்படுத்தாத கணக்கு என்றால் அந்தத் தளத்துக்கே போய்க் கணக்கை மூடிவிட்டு, பிறகு வரியை நீக்குங்கள்.

பொய்யான Reused வரிகளும் உண்டு. amazon.in, amazon.com இரண்டிலும் ஒரே கணக்கு செல்லுபடியாகும். இரண்டு வரியாக இருந்தாலும் அது ஒரே கணக்குதான்.

"ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் வைத்திருந்த, மேனேஜரே உருவாக்கித் தந்த கடவுச்சொல்கூடச் சிலருக்குக் கசிந்ததாகக் காட்டுகிறதாமே. எப்படி?"

இரண்டு வழிகள். ஒன்று, அந்தத் தளமே கசிந்திருக்கலாம். haveibeenpwned.com தளத்தில் உங்கள் மின்னஞ்சலைப் போட்டால், அது அறிந்த கசிவுகளில் எவற்றில் உங்கள் முகவரி இருக்கிறது என்று பெயரோடு சொல்லும். அந்தத் தளத்தின் பெயர் அங்கே இருந்தால் அதை மாற்றினால் போதும்.

பெயர் இல்லை, தனித்தனிக் கடவுச்சொற்கள் பலவும் ஒரே நேரத்தில் சிவந்திருக்கின்றன, அவை எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில் சேமித்தவை என்றால் கதை வேறு. பிரவுசரில் சேமித்த அனைத்தையும் மொத்தமாக அள்ளிச் செல்லும் தீநிரல் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கலாம். பில் போடும் மென்பொருளின் திருட்டுப் பிரதியோடும், "கிராக்" என்று இறக்கும் கோப்புகளோடும் அது வந்து சேரும். அப்போது நான் மேலே சொன்ன வரிசை முழுவதும் தள்ளிப்போகும். அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றினால் புதியதையும் அது அனுப்பிவிடும். முதலில் ஃபோனிலிருந்து ஜிமெயிலை மாற்றி, எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். கம்ப்யூட்டரை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிய பின்பே அதில் மீண்டும் நுழையுங்கள். உங்கள் பட்டியலில் இந்த அறிகுறி இல்லை. ஆறும் ஒரே கடவுச்சொல் என்பதே அதற்குச் சான்று.

"கசிந்ததா என்று பார்ப்பதற்காக என் கடவுச்சொல்லையே அவர்களிடம் கொடுக்கிறேனா?"

இல்லை. haveibeenpwned தளத்தின் கடவுச்சொல் சோதனையை எடுத்துக்கொண்டால், உங்கள் சொல் உங்கள் கருவியிலேயே 40 எழுத்துக் குறியீடாக மாற்றப்படுகிறது. அதில் முதல் ஐந்து எழுத்துகள் மட்டும் வெளியே போகின்றன. அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த குறியீடுகள் எல்லாம் திரும்பி வரும். உங்களுடையது அதில் இருக்கிறதா என்று உங்கள் கருவியே பார்த்துக்கொள்கிறது. இந்தச் சோதனை பயனர் பெயரைப் பார்ப்பதில்லை. அதனால் `pondy@123` என்பதை வேறு யாரோ பயன்படுத்திக் கசிந்திருந்தாலும் உங்களுக்கு எச்சரிக்கை வரும். அதுவும் பொய் எச்சரிக்கை அல்ல. திருடர்கள் முதலில் போட்டுப் பார்க்கும் பட்டியலில் அது ஏறிவிட்டது என்று பொருள்.

"என் பழைய கடவுச்சொல்லையே எழுதி, கேமராவில் உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பணம் அனுப்பு என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது."

அந்தச் சொல் கசிந்த பட்டியலிலிருந்து எடுத்தது. அதே கடிதம் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் போகும். படம் எதுவும் இருக்காது. பதில் எழுத வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம். அந்தச் சொல் இன்னும் எங்காவது நடப்பில் இருக்கிறதா என்று மேனேஜரில் தேடி அந்தக் குழுவை மாற்றுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

"இந்த ஸ்கிரீன்ஷாட்டை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது சரிதானா?"

முதல் பக்கத்தின் மூன்று எண்கள் மட்டும் உள்ள படத்தால் தீங்கில்லை. குழுக்களை விரித்த படம் அப்படியல்ல. எந்தத் தளங்களில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது, எவற்றில் ஒரே கடவுச்சொல், என்ன பயனர் பெயர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கண் வடிவக் குறியைத் தொட்டுவிட்டு எடுத்திருந்தால் கடவுச்சொல்லே தெரியும். நீங்கள் அனுப்பியவற்றில் நான்காவது படம் அப்படிப்பட்டது. என் ஃபோனில் அழித்துவிட்டேன். நீங்கள் உரையாடலிலிருந்து மட்டுமல்ல, கேலரியிலிருந்தும், கூகுள் போட்டோஸ் தானாகச் சேமித்திருந்தால் அங்கிருந்தும், அதன் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழியுங்கள். அந்தப் படத்தில் தெரிந்தது இரண்டாவது குழுவின் கடவுச்சொல். அதனால் "போகும்போது மாற்றிக்கொள்ளலாம்" என்று அந்தக் குழுவைப் பற்றி மேலே சொன்னது உங்களுக்கு இனிப் பொருந்தாது. முதல் குழுவோடு சேர்த்து அதையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.